பூட்டிய கம்பெனியில் குறைந்த பேலன்ஸ்

பூட்டிக் கிடக்கும் கம்பெனியில் கரண்டு செலவாகாது என்று நம்பினேன். செலவானால் யாரோ திருடுகிறார்கள் என்று அதைவிட உறுதியாக நம்பினேன். ஐம்பது வயதில், இந்த இரண்டு நம்பிக்கைகளோடுதான் அந்தத் தீபாவளி விடுமுறையைக் கழித்தேன்.

பனியன் தைத்துக் கொடுக்கும் சின்னக் கம்பெனி என்னுடையது. எட்டு மெஷின். வாசலில் ப்ரீபெய்டு ஸ்மார்ட் மீட்டர் மாட்டி இரண்டு மாதம் ஆகியிருந்தது. முன்னாலேயே பணம் கட்டிவிட்டு, செல்போனில் பேலன்ஸ் பார்த்துப் பார்த்து ஓட்ட வேண்டும். ஆட்கள் ஊருக்குப் போனதும் மெயின் சுவிட்சை என் கையாலேயே இறக்கி, கதவைப் பூட்டி, மூலனூரில் மாமனார் வீட்டுக்குப் போய்விட்டேன்.

மூன்றாம் நாள் முறுக்கைக் கடித்தபடி செல்போனில் மீட்டர் ஆப்பைத் திறந்தேன். பேலன்ஸ் குறைந்திருந்தது. மறுநாளும் குறைந்தது, அதே அளவு. தினமும் அளந்து எடுக்கிற ஒழுக்கமான திருடன்! அப்போதாவது எனக்குப் புத்தி வந்திருக்க வேண்டும். வரவில்லை. மணிக்கு நாலு தடவை போனைப் பார்த்தேன்.

“பூட்டுன கம்பெனிய ஏனுங்க இப்படிப் பாத்துட்டே இருக்கறீங்க? முட்டையா போடப்போவுது?” என்றாள் மனைவி.

நான் சிரிக்கவில்லை. இன்னொரு சாவி எங்கே இருக்கிறது என்பது எனக்கு ஞாபகம் வந்துவிட்டது.

அது ஓவர்லாக் மெஷினில் துணி ஓரம் தைக்கும் அம்மாவிடம் இருந்தது. தூத்துக்குடிப் பக்கத்துக்காரர். ஒன்பது வருடமாக என்னிடம் தைக்கிறார். கம்பெனிக்குப் பின்னால் லைன் வீட்டில் குடியிருக்கிறார். நான் வரப் பிந்தினால் திறந்து வைக்கட்டும் என்று நானே கொடுத்த சாவி. அந்த வருடம் அவர் மட்டும் ஊருக்குப் போகவில்லை.

விடுமுறை முடிந்து எல்லோரும் வந்தபோது கம்பெனியில் கரண்டு இல்லை. பேலன்ஸ் தீர்ந்து, மீட்டர் இணைப்பைத் துண்டித்திருந்தது. அங்கேயே நின்று ரீசார்ஜ் செய்தேன். ஒரு மெஷின்கூட ஓடவில்லை, அதற்குள் கட்டியதில் ஒரு பங்கைக் காணோம். என் கண் முன்னால்! எட்டு பேரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“தீவாளிக்கு உங்க ஊட்டுல பலகாரம் பலமோம்மா? கரண்டு அடுப்பு நம்ம கம்பெனி லைன்லதான் ஓடுச்சாட்ட இருக்குது?” என்று அந்த அம்மாவிடம் சிரித்துக்கொண்டே கேட்டேன். குத்துவதையெல்லாம் கேலியாகவே குத்துவது என் வழக்கம். இரண்டு பேர் சிரித்தும்விட்டார்கள்.

“என்ன அண்ணாச்சி சொல்லுதீய?”

“பத்து நாளா பேலன்ஸ் எறங்குதும்மா. சாவி உங்ககிட்டத்தான இருக்குது?”

அவர் கத்தரிக்கோலை மெஷின்மேல் வைத்தார். “நான் இந்தக் கதவத் தொறக்கவேயில்ல. எங்கிட்ட கேஸ் அடுப்பு மட்டுந்தான் இருக்கு. வந்து பாத்துக்கிடுங்க” என்று முன்னால் நடந்தார்.

வேண்டாம்மா என்று சொல்லியிருக்கலாம். நான் பின்னாலேயே போனேன். ஒற்றை அறை. கேஸ் அடுப்பைப் பார்த்தேன். அதோடு நிற்காமல் குனிந்து கட்டிலுக்கு அடியிலும் பார்த்தேன். இரண்டு பழைய செருப்பும் ஒரு வெங்காயக் கூடையும் இருந்தன.

மத்தியானம் கரண்டு ஆபீசுக்குப் புகார் கொடுக்கப் போனேன். கவுண்டரில் இருந்த பெண் என் கணக்கைத் திரையில் திறந்து பார்த்தார்.

“திருட்டு இல்லீங்க. இது பிக்சட் சார்ஜுங்க. நீங்க ஓட்டுனாலும் ஓட்டாட்டியும் தினமும் எடுத்துரும்.”

“மெயினையே எறக்கிட்டுப் போனனுங்க அம்மணி!”

“மெயின எறக்குனா யூனிட்டு ஏறாதுங்க. இது இத்தனை கிலோவாட் வேணும்னு நீங்க வாங்கி வெச்சிருக்கற லோடுக்குங்க. பேலன்ஸ் தீந்தப்பறம் இருந்த நாளுக்கும் சேத்து, ரீசார்ஜ் பண்ணுனதும் மொதல்ல அதத்தான் எடுக்கும். மீதிதானுங்க ஓட்டறதுக்கு.”

“அதுக்கு இத்தனையாங்க?”

“லோடு பெருசா இருக்குதுங்களே. யாருங்க கேட்டு வாங்குனது?”

நான்தான். நாலு வருடத்துக்கு முன்பு எக்ஸ்போர்ட் முதலாளி ஆகப்போகிறேன் என்று இருபது மெஷினும் ஸ்டீம் அயர்னும் வாங்கி, லோடை ஏற்றச் சொல்லி மனு எழுதிக் கொடுத்தேன். ஆர்டர் நின்றதும் பன்னிரண்டு மெஷினை விற்றேன். அயர்னையும் விற்றேன். லோடை மட்டும் குறைக்கவில்லை. பழைய பில்லிலும் இந்தக் கட்டணம் இருந்திருக்கிறது. மொத்தத்தைப் பார்த்துத் திட்டிவிட்டுக் கட்டுவதோடு சரி. ஆப்பிலும் ஒவ்வொரு நாளுக்கும் நேரே ‘நிலைக் கட்டணம்’ என்று தமிழிலேயே எழுதியிருந்தது. மணிக்கு நாலு தடவை பார்த்தவன் அந்த வரியைப் பார்க்கவில்லை.

திரும்பும் வழியெல்லாம் என்ன சொல்வதென்று யோசித்தேன். வாய் பழகியபடிதான் வந்தது. எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, “திருடன் சிக்கிட்டானம்மா, நாந்தான்!” என்றேன்.

அவர் துணியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. “சரி அண்ணாச்சி” என்றார். இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை. கட்டிலுக்கு அடியில் குனிந்ததற்கு மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று தெரிந்தும் நான் கேட்கவில்லை.

அந்த வாரம் முழுக்க ஒரு பீஸ்கூடக் கெடாமல் தைத்தார். சனிக்கிழமை சம்பளம் வாங்கியதும் சாவியை என் மேஜைமேல் வைத்தார். திங்கட்கிழமை லைன் வீட்டைக் காலி செய்துவிட்டு வேறு கம்பெனிக்குப் போய்விட்டார். அன்றைக்குத்தான் நான் லோடைக் குறைக்க மனு கொடுத்தேன்.