ஒரே கம்பெனி, இரண்டு ஏஜென்ட்

எழுபதுகளின் கடைசியில் காஞ்சிபுரத்தில் வெல்டர் வேலை பார்த்த எனக்கும் என் சிநேகிதனுக்கும் குவைத்துப் பைத்தியம் பிடித்திருந்தது. அவன் செவிலிமேட்டுக்காரன். ஒரே பட்டறையில் பக்கத்துப் பக்கத்தில் நின்று வேலை செய்தோம். அவனுக்குக் குழந்தை பிறந்து மூன்று மாதம். பட்டறையை மூடப் போவதாக முதலாளி சொல்லிவிட்டார். எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. அவனுக்குக் குவைத் வேலை கிடைத்தே ஆக வேண்டும்.

மெட்ராஸில் மவுண்ட் ரோடு ஏஜென்ட் ஒருவரிடம் இரண்டு பேரும் பயோடேட்டா, போட்டோ எல்லாம் கொடுத்துவிட்டு இரண்டு மாதம் காத்திருந்தோம். குவைத்தில் ஒரு பெரிய கட்டுமான கம்பெனிக்கு எங்கள் பெயர்களை அனுப்பிவிட்டதாக அவர் சொன்னார். அதற்குப் பிறகு சத்தமே இல்லை. பொறுமை போய், பேப்பரில் விளம்பரம் பார்த்து மண்ணடியில் இன்னொரு ஏஜென்ட் ஆபீஸுக்குப் போனோம். விளம்பரத்தில் கம்பெனி பெயர் இல்லை.

முதலில் அவன் உள்ளே போனான். ஐந்து நிமிஷத்தில் சிரித்துக்கொண்டு வந்து, "முடிஞ்சுதுபா, நீ போ" என்றான்.

உள்ளே வயசான ஒருவர், கண்ணாடியை மூக்கு நுனியில் இறக்கிவிட்டபடி ஒரு பாரத்தை என் பக்கம் தள்ளினார். மேலே டைப் அடித்திருந்த பெயரைப் பார்த்ததும் எனக்கு வியர்த்தது. அதே குவைத் கம்பெனி.

"வேற ஏஜென்ட் மூலமா இந்தக் கம்பெனிக்குப் பேரு போயிருக்குதா தம்பி?"

எங்கள் இருவர் வீடும் தறி வீடு. ஒரு முதலாளி நெய்யக் கொடுத்த பாவு நூல் தறியில் இருக்கும்போது இன்னொருவரிடம் பாவு வாங்கினால் தெருவில் தலை காட்ட முடியாது. இரண்டு ஏஜென்டிடம் போவதும் அதே மாதிரி துரோகம் என்றுதான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன். வாய் வரை "இல்லை" வந்துவிட்டது. ஆனால் பொய் சொன்னால் என் முகமே காட்டிக்கொடுத்துவிடும். உண்மையைச் சொல்லிவிட்டேன்.

அவர் திட்டவில்லை. "பத்து ஏஜென்ட்கிட்ட வேணும்னாலும் போ, அது தப்பில்லை. ஒரே கம்பெனிக்கு உன் பேரை ரெண்டு ஏஜென்ட் அனுப்பக் கூடாது. யாருக்குக் கமிஷன்னு தகராறு வரும்னு கம்பெனிக்காரன் ரெண்டு பக்கமும் பேரை அடிச்சிடுவான். உன்னை முதல்ல அனுப்பினவருதான் உனக்கு ஏஜென்ட். நான் அனுப்ப மாட்டேன். மஸ்கட்டுல ஒரு வேலை வருது, அதுக்கு வேணும்னா போடறேன்" என்றார். பக்கத்தில் ஒரு தடித்த கவர் திறந்து கிடந்தது. நாலு மணிக்குக் கம்பெனிக்காரர் தங்கியிருக்கும் ஓட்டலுக்குப் போகும் கவர் அது என்றார். மேலாக அவன் போட்டோ தெரிந்தது.

வெளியே வந்து அவனிடம் சொன்னேன். முகம் வெளுத்துவிட்டது.

"இல்லைன்னு சொல்லிட்டேனேடா. நம்மள துரோகின்னு நெனைப்பாருன்னு..."

"போய் இப்ப சொல்லு."

"எந்த மூஞ்சிய வச்சிக்கினு போறது? ஒண்ணும் ஆகாது, வா போலாம்."

இப்படி ஒரு மடையனை நான் பார்த்ததில்லை. சட்டையைப் பிடித்து இழுத்தேன், நகரவில்லை. கடைசியில் நானே உள்ளே போய், "ஐயா, எனக்கு முன்னாடி வந்தவனும் அதே ஏஜென்ட்கிட்டதான் கொடுத்திருக்கான். பயத்துல இல்லைன்னு சொல்லிட்டான்" என்றேன்.

பெரியவர் கண்ணாடியை மேலே ஏற்றிவிட்டுக்கொண்டார். பிறகு கவரிலிருந்து அவன் பயோடேட்டாவை உருவி, போட்டோவோடு என் கையில் கொடுத்தார். "பயப்படற அளவுக்கு நான் என்ன புலியா?" என்று மட்டும் கேட்டார்.

காஞ்சிபுரம் வரும் வரை பஸ்ஸில் அவன் என்னோடு பேசவில்லை. மானத்தை வாங்கிவிட்டேனாம்.

பத்து நாளில் மவுண்ட் ரோடு ஏஜென்டிடமிருந்து இரண்டு பேருக்கும் கடிதம் வந்தது. கம்பெனிக்காரர் முன்னால் ஒரு பட்டறையில் வெல்டிங் டெஸ்ட். அங்கேயே நாலு பேரை டெஸ்ட் செய்யக்கூட விடாமல் திருப்பி அனுப்பினார்கள். இரண்டு ஏஜென்ட் வழியாகப் பெயர் வந்தவர்களாம். அவன் என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டான்.

ஆறு பேர் வேண்டும் என்றார்கள். சாயங்காலம் பட்டியல் படித்தார்கள். ஆறாவது பெயர் அவனுடையது. ஏழாவதாக நான் இருந்தேன் என்று ஏஜென்ட் ஆறுதலாகச் சொன்னார். அது ஆறுதலாக இல்லை.

அவன் எல்லோர் எதிரிலும் என்னைக் கட்டிக்கொண்டு அழுதான். "நீ இல்லன்னா என் பேரே இருந்திருக்காதுடா" என்றான். நான் முதுகில் தட்டிக்கொடுத்தேன். மனசுக்குள், அன்றைக்கு மண்ணடியில் திரும்ப உள்ளே போகாமல் இருந்திருந்தால் இந்த ஆறாவது இடம் எனக்குத்தானே என்று ஒரு கணக்கு ஓடியது. அவன் தோளில் என் முகம் இருந்ததால் அவனுக்கு அது தெரியவில்லை.