மாலை போட்ட காலத்து இன்சூரன்ஸ்

என் கணவர் ராஜபாளையத்தில் லாரி மெக்கானிக். பட்டறையைப் பூட்டியதும் தினம் ஒரு குவார்ட்டர் போட வேண்டும். கேட்டால், குப்பென்று வாடை வீசும் வாயாலேயே, "யாரு குடிச்சா?" என்பார். கார்த்திகையில் சபரிமலைக்கு மாலை போட்டுவிட்டால் மட்டும் ஆளே வேறு. குடியும் கிடையாது, பொய்யும் கிடையாது. வீட்டில் எல்லாரும் அவரைச் சாமி என்றுதான் கூப்பிடுவோம்.

எங்களுக்கு இரண்டு பெண் பிள்ளைகள். அவருக்கு ஒன்று ஆகிவிட்டால் நாங்கள் நடுத்தெருவில்தான். இன்சூரன்ஸ் ஏஜெண்டாக இருந்த என் அண்ணனை அதனால்தான் நச்சரித்தேன். மாலை போட்டிருக்கும்போதே டாக்டரிடம் காட்டிவிடலாம், வாடை இருக்காது, குடிப்பழக்கம் உண்டா என்ற கேள்விக்கு இல்லை என்று சொல்லிவிடலாம் என்று அண்ணன் திட்டம் போட்டான். இரண்டு வருஷத்துக்குள் ஆள் போய்விட்டால் ஆஸ்பத்திரிச் சீட்டுவரை தோண்டுவார்கள், பொய் தெரிந்தால் பணம் தரமாட்டார்கள் என்று அவனே முன்பு சொன்னதுதான். அதை நினைவுபடுத்தியதும், வாயைக் கழுவச் சொன்னான்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் கம்பெனிக்குப் பார்க்கும் டாக்டர் அந்தக் கேள்வியைக் கேட்டார். தினமும் குவார்ட்டர், பத்து வருஷத்துக்கு மேலாக என்று சாமி ஒன்று விடாமல் ஒப்பித்துவிட்டார். டாக்டர் வயிற்றை அமுக்கிப் பார்த்து எழுதிக்கொண்டார். வெளியே வந்ததும் அண்ணன் தலையில் அடித்துக்கொண்டான்.

"கழுத்துல அய்யப்பன் கெடக்காரு மச்சான். எப்படிப் பொய் சொல்ல?" என்றார் இவர்.

ஈரலுக்கு ரத்தப் பரிசோதனை வேண்டும் என்று ஆபீஸ் கேட்டது. எடுத்துக் கொடுத்தோம். நன்றாக இல்லை. எப்போதாவது கொஞ்சம் குடிக்கிறவர் என்றால் சில சமயம் பிரீமியத்தைக் கூட்டியாவது கொடுப்பார்களாம். இவருக்கு இப்போதைக்கு இல்லை என்று தள்ளிவைத்துவிட்டார்கள். ஒரு வருஷம் தொடாமல் இருந்து, ரத்தமும் சரியாக இருந்தால் மறுபடி வரலாமாம்.

மலைக்குப் போய்வந்து மாலையைக் கழற்றிய அன்று சாயந்திரமே அவர் கடைக்குப் போனார். உண்மை சொன்னதற்கு இதுதான் மரியாதை என்று என்னிடமே சண்டை. பழையதைச் சொல்லாமல் புதிதாக எழுதிப் போடு என்று அண்ணனிடம் கெஞ்சினேன். முன்பு எப்போதாவது தள்ளிவைத்தார்களா என்று படிவத்தில் ஒரு கேள்வி இருக்கிறதாம். அதை மறைத்தால் அது தனிப் பொய்யாம். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. யார்மேல் கோபப்படுவது என்றே தெரியவில்லை.

மறு கார்த்திகை வந்தது. மாலை போட்ட அன்று, பிள்ளைகள் தூங்குவதற்கு முன்பே, அவர்களைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கேட்டேன்.

"இந்தப் பிள்ளைகளுக்காக ஒரு வருசம் அதத் தொடாம இருப்பீகளா சாமி?"

மற்ற நாளாக இருந்தால், விட்டு எம்புட்டு நாளாச்சு என்று கூசாமல் சொல்லியிருப்பார். அன்று கழுத்து மாலையைப் பிடித்துக்கொண்டார்.

"ஏலாது" என்றார்.

அன்றைக்காவது அவர் ஒரு பொய் சொல்லித் தொலைத்திருக்கலாம்.