எவலினின் ஐந்தாவது கேள்வி

எங்கள் எஸ்டேட்டில் வேலையாட்களை மேற்பார்க்கும் பெண் மண்டோர் என்றால் எவலின் ஒருத்திதான். காலை ஏழு மணிக்குப் பனி விலகுவதற்கு முன்பே மலைச்சரிவில் நின்று கொழுந்து பறிக்க வந்த நேப்பாளிகளுக்கும் வங்காளிகளுக்கும் நிரை பிரித்துக் கொடுப்பாள். தேயிலைச் செடி ஒரு வரிசையாக நின்றால் அது ஒரு நிரை. செடி அடர்த்தியாக இருந்தாலும் சொத்தையாக இருந்தாலும் ஒரு நிரை ஒரு நிரைதான். உனக்கு எட்டு, எனக்கு எட்டு என்று எண்ணிப் பிரித்துவிட்டால் சண்டை கிடையாது. ஆறு வருடமாக இந்த எண்ணலைச் செய்து செய்து, எதையும் வரிசையாகப் பார்த்தால் அவள் கண் தானாகவே எண்ண ஆரம்பித்துவிடும்.

நான் புவனேஸ். பதினேழு வருடமாக இந்த எஸ்டேட் ஆபீசில் கணக்கெழுதும் கிராணி. ஊர் வம்பு எனக்குப் பிடிக்கும் என்று சிலர் சொல்வார்கள். பிடிக்காமல் என்ன? அவரவர் கதை என் மேசைக்குத்தான் வந்து சேர்கிறது. எவலின் கதை வந்தது வைஃபையால். தொழிலாளர் குடியிருக்கும் லயத்து வீடுகளில் லைன் கிடைக்காது. ஆபீஸ் வாசலில்தான் கிடைக்கும். வேலை முடிந்ததும் மண்ணப்பிய பூட்ஸோடு படியில் உட்கார்ந்து, சிங்கப்பூரை ஒட்டிய ஜொகூர் பாருவில் இருக்கும் புருஷன் ஜெஃப்ரியோடு பேசுவாள்.

இருவரும் கம்போங் ராஜா பள்ளிக்கூடத்தில் படித்தவர்கள். அவன் ஒரு வருடம் மேல். கல்யாணமாகி ஆறாவது மாதம் அவனுக்குச் சிங்கப்பூரில் டெக்னீஷியன் வேலை கிடைத்தது. ஜொகூரில் அறை எடுத்துத் தங்கி, தினமும் பாலம் தாண்டிப் போய்வருகிறான் என்றாள். அது நான்கு வருடத்துக்கு முன். முதல் வருடம் மாதம் ஒருமுறை வந்தான். அப்புறம் கிறிஸ்மஸுக்கும் ஈஸ்டருக்கும். போன வருடம் கிறிஸ்மஸுக்கு மட்டும். அதுவும் வந்த மூன்றாம் நாளே, "லீவு இல்லலா" என்று பஸ் ஏறிவிட்டான்.

அவள் ஏங்கினாள். இதைச் சுற்றி வளைத்துச் சொல்ல எனக்குத் தெரியவில்லை. நாங்கள் பக்கத்தில் நிற்பதையும் மறந்து போன் திரையில் அவன் முகம் இருந்த இடத்தை விரலால் தடவுவாள். "அக்கா, ஒரே வீட்ல ஒரு தட்டுல சாப்ட்டு எவ்ளோ நாளாச்சு தெரியுமா?" என்று ஒருநாள் கேட்டாள். மேசைக்குத் திரும்பி ஏதோ தாளைப் புரட்டினேன்.

அப்போதுதான் ஜொகூரில் ஒரு பயிற்சி நிலையத்தின் அறிவிப்பு வந்தது. மின்னணுத் தொழிற்சாலைகளில் தரம் பார்க்கும் வேலைக்கு ஒரு வருடப் பயிற்சி. முடித்தால் அங்கேயே வேலை. பள்ளி இறுதித் தேர்வான எஸ்.பி.எம்.மில் கணக்குக்கு எவலின் எடுத்தது 'டி'. அப்படிப்பட்டவர்களுக்கு ஒரு சின்னத் தேர்வு வைப்பார்கள்: வாட்ஸாப்பில் ஐந்து கேள்வி, ஒரு மணி நேரம், செய்முறையைப் படம் எடுத்து அனுப்ப வேண்டும். நான்கு சரியாக இருந்தால் இடம். இடம் கிடைத்தால் ஜொகூர். ஜொகூர் என்றால் ஜெஃப்ரி. அவளுக்குக் கணக்கு அவ்வளவுதான்.

ஆறு மாதம் அவனே போனில் சொல்லிக் கொடுத்தான். நான் உள்ளே டைப் அடித்துக்கொண்டே கேட்பேன். பரபோலா என்னும் வளைகோட்டுப் படம் வந்தால் மட்டும் இருவருக்கும் சண்டை. கிராஃப் செயலியில் படம் வரைந்து, ஸ்கிரீன்ஷாட் எடுத்து அவன் அனுப்புவான். வளைவின் உச்சிப் புள்ளி, அச்சுகளை வெட்டும் புள்ளிகள் எல்லாம் படத்தில் எழுதியிருக்கும். அதிலிருந்து சமன்பாட்டையும், வளைவு எவ்வளவு வேகமாக ஏறுகிறது என்று சொல்லும் 'ஏ'யையும் கண்டுபிடிக்க வேண்டும். எவலின் என்ன செய்வாள்? உச்சியிலிருந்து வலது பக்கம் ஒரு பெட்டி, அதாவது ஒரு கட்டம், போவாள், மேலே எத்தனை பெட்டி ஏறுகிறது என்று நிரை எண்ணுவதுபோல எண்ணுவாள்.

"பொட்டிய எண்ணாதேன்னு எத்தன தடவ சொல்றது?" என்று ஜெஃப்ரி கத்துவான். "ஒரு பொட்டி ஒண்ணா ரெண்டா அஞ்சான்னு ஓரத்துல நம்பர் போட்டிருக்கான்ல? அதப் படி. உச்சிய எழுதிட்டு இன்னொரு புள்ளிய வச்சு 'ஏ'யக் கண்டுபிடி. அப்புறம் மூணாவது புள்ளியப் போட்டு செக் பண்ணு. செக் பண்ணாம எங்கிட்ட அனுப்பாத."

அவன் அப்படிப்பட்ட ஆள். கடையில் மீதிச் சில்லறையைக்கூட இரண்டு தடவை எண்ணுவான். செக் பண்ணாமல் ஒரு விடையைச் சொல்லி நான் கேட்டதில்லை.

தேர்வு ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு. மேனேஜர் கோலா தெர்லாவுக்குப் போயிருந்தார். அவர் அறையை நான் திறந்துவிட்டேன். எவலின் முதல் இரண்டையும் மளமளவென்று போட்டாள். மூன்றாவது கேள்வி நிகழ்தகவு. அதில் சிக்கி, இருபது நிமிடத்தைத் தொலைத்து, கடைசியில் விட்டுவிட்டாள். நான்காவது முடிந்தது. ஐந்தாவது பரபோலா. இனி இது தப்பாகக் கூடாது.

திரையில் கிண்ணம்போல மேல்நோக்கித் திறந்த வளைவு. உச்சி (1, −8). எக்ஸ் அச்சை −1இலும் 3இலும் வெட்டுகிறது. ஒய் அச்சை −6இல்.

"அக்கா, அவருக்கு அனுப்பிடுறேன். ஒரே ஒரு கேள்விலா. கண்டுக்காதீங்க."

தனியாகத்தான் எழுத வேண்டும் என்று கேள்வித்தாளின் முதல் வரியிலேயே போட்டிருந்தது. நான் கண்டித்திருக்க வேண்டும். ஜன்னலைப் பார்த்தேன். அந்தப் பாவத்தில் பாதி எனக்கும் உண்டு.

பதில் ஒரே நிமிடத்தில் வந்தது. "உச்சியிலேர்ந்து ஒரு பொட்டி வலது, ஒரு பொட்டி மேல. அதனால a = 1. விடை y = (x − 1)² − 8. சீக்கிரம் எழுதி அனுப்பு."

எவலின் எழுதினாள். படம் எடுக்கப் போனை உயர்த்தியவள் அப்படியே நின்றுவிட்டாள்.

"என்னடி?"

"செக் பண்ணணும்கா."

எக்ஸ் இருக்கும் இடத்தில் 3 போட்டாள். இரண்டின் வர்க்கம் நான்கு, எட்டைக் கழித்தால் −4. ஆனால் 3இல் வளைவு அச்சின்மேல் அல்லவா நிற்கிறது? பூஜ்யம் வர வேண்டும். எக்ஸ் பூஜ்யம் என்று போட்டாள், −7 வந்தது. படத்தில் −6. படத்தைப் பெரிதாக்கினாள். ஒய் அச்சின் ஓரத்தில் இருந்த எண்கள் −2, −4, −6, −8. ஒரு பெட்டி, இரண்டு.

எழுதியதை அடித்துவிட்டுப் புதிதாக எழுதினாள். y = a(x − 1)² − 8. (0, −6)ஐ வைத்தால் −6 = a − 8. ஆக a = 2. மறுபடி 3 போட்டாள்: நான்கை இரண்டால் பெருக்கி எட்டு, எட்டில் எட்டு போனால் பூஜ்யம். −1 போட்டாள், அங்கேயும் பூஜ்யம். y = 2(x − 1)² − 8 என்று கீழே கோடு போட்டு, படம் எடுத்து அனுப்பினாள். மூன்று நிமிடம் மிச்சம் இருந்தது.

"பாத்தியா, வாத்தியாரயே மிஞ்சிட்ட!" என்றேன். அவள் சிரிக்கவில்லை. அறைக் கதவைச் சாத்திவிட்டு தோட்டத்துக்குப் போய்விட்டாள்.

அடுத்த மூன்று நாளும் ஆபீஸ் படிக்கு அவள் வரவில்லை. ஜெஃப்ரி என் நம்பருக்கே போன் செய்து, "எவலின் எங்கக்கா? டெஸ்ட் எப்படி?" என்றான். எனக்கு அவன்மேல் கோபம். அவசரத்தில் தப்புப் பண்ணிவிட்டான் என்று. "வேலையா இருக்கா" என்று வெட்டிவிட்டேன். நான் எவ்வளவு மக்கு என்று வெள்ளிக்கிழமைதான் தெரிந்தது.

வெள்ளிக்கிழமை மத்தியானம் பயிற்சி நிலையத்திலிருந்து செய்தி வந்தது. நான்கு சரி. அடுத்த மாதம் முதல் தேதி வந்து சேரவும். எவலின் அதை இரண்டு தடவை படித்தாள். முகத்தில் சந்தோஷமே இல்லை. என் மேசைக்கு எதிரே உட்கார்ந்து அவனைக் கூப்பிட்டாள். கையெல்லாம் தேயிலைக் கறை ஒட்டியிருந்ததால் போனை மேசையில் வைத்து ஸ்பீக்கரில் போட்டாள். நான் எழுந்து போயிருக்கலாம். போகவில்லை.

"கெடச்சிருச்சு," என்றாள்.

அந்தப் பக்கம் தட்டுகள் மோதும் ஒலி கேட்டது.

"அஞ்சாவது கேள்விக்கு நீங்க அனுப்புனத நான் எழுதல. 'ஏ' ரெண்டு."

"அப்படியா? அவசரத்துல... தப்பாயிருச்சு எவலின்."

"இல்ல. பொட்டிய எண்றது என்னோட தப்பு. ஒங்களுக்கு அந்தத் தப்பு வராது. ஆறு மாசமா அதுக்குத்தான் என்னத் திட்டுனீங்க. நான் வழக்கமாப் பண்ற தப்பையே எழுதி அனுப்புனா, நான் சந்தேகப்பட மாட்டேன்னு நெனச்சீங்க. நான் அங்க வரக் கூடாதா? வேற யாரும் இருக்காங்களா? இருந்தா சொல்லிடுங்க. மூணு நாளா செத்துக்கிட்டிருக்கேன்."

வேலியே பயிரை மேய்ந்திருக்கிறது, நான் அதை அவசரம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். இந்த மூன்று நாளும் இவள் இதைச் சுமந்துகொண்டுதான் நிரை எண்ணிக்கொண்டிருந்தாள்.

"யாரும் இல்ல," என்றான் ஜெஃப்ரி. அப்புறம், "டெக்னீஷியன் வேல போயி ஒன்றர வருசமாச்சு. அங்க ஆளக் கொறச்சிட்டாங்க. இங்க ஜொகூர்லயே ஒரு சாப்பாட்டுக் கடையில தட்டு கழுவுறேன். ரூம்ல ஆறு பேரு. என் எடம் ஒரு மெத்தை அகலம். ஊர்ல எல்லார்ட்டயும் சிங்கப்பூர் சிங்கப்பூர்னு சொல்லியாச்சு. நீ வந்து பாத்தா..." என்று நிறுத்தினான். "வேற வேல கெடச்சப்புறம் கூப்பிடலாம்னு இருந்தேன். நீ இப்படி முட்டி மோதிப் படிப்பேன்னு நெனக்கல. சொல்லிக் குடுக்காம இருக்கவும் முடியல. தெனம் ஒன் கொரலக் கேக்கணும்ல."

எவலின் அழுதாள். துடைக்கக் கை எடுத்து, தேயிலைக் கறை ஒட்டியிருந்ததால் தோளில் முகத்தைத் தேய்த்துக்கொண்டாள். நான் டிஷ்யூ பெட்டியை நகர்த்தினேன். அதை அவள் பார்க்கவே இல்லை.

"நாலு வருசமா," என்றாள், "நான் டெக்னீஷியனுக்கா ஏங்குனேன்?"

அவன் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. பின்னால் யாரோ மலாயில் அவனைக் கூப்பிட்டார்கள், தட்டு குவிந்துகிடக்கிறதாம்.

"போங்க, வேலையப் பாருங்க," என்றாள் எவலின். "கழுவி முடிச்சதும் போன் பண்ணுங்க. ஒன்றர வருசமா என்ன சாப்ட்டீங்க, எங்க படுத்தீங்க, ஒண்ணு விடாம எல்லாத்தையும் சொல்லணும். பொய் சொன்னா எனக்குத் தெரிஞ்சிரும்."