ஒன்பதாம் பிரிவில் மாறிய சொல்

அலுவலகத்தில் அவளுக்கு 'ஆனாக்கா' என்று பெயர். யார் என்ன கேட்டாலும் முழுசாகக் கேட்டுவிட்டு "ஆனா..." என்று இழுப்பாள். அந்த 'ஆனா'வுக்குப் பின்னால்தான் எதிராளி வக்கீல்கள் தலையில் கை வைக்கிற விஷயம் இருக்கும். செருப்புக் கடைக்கு மேல்மாடியில் இருந்த அந்தச் சட்ட உதவி மையத்தில் இருபது வருஷத்துக்கு மேலாக வக்கீலாக வேலை பார்க்கிறாள். கீழே தோல் வாசனை, மேலே பழைய காகித வாசனை. அவளுடைய புருஷன் ஃப்ரிட்ஜ் ரிப்பேர் பண்ணுகிறவன். "நான் திறந்து பாத்துட்டுதான் பழுதுன்னு சொல்வேன், நீ திறக்காமலே சொல்ற ஜாதி" என்று கிண்டல் பண்ணுவான். அவள் சிரித்துக்கொள்வாள். திறந்து பார்க்காமல் தான் எதையும் சொன்னதில்லை என்பது அவளுக்கு உள்ளூர ஒரு கர்வம்.

அந்தக் கர்வம்தான் அவளைக் கவிழ்த்தது.

தையல்காரம்மா அவளிடம் வந்தது மழை பிடித்துக்கொண்ட ஒரு மத்தியானம். ஐம்பதைத் தாண்டியவள், கைத்தடி ஊன்றி மாடி ஏறி வந்ததில் மூச்சு வாங்கியது. கல்யாணம் ஆகாத அண்ணனும் தங்கையுமாக அவர்கள் வீட்டு வசதி வாரிய வீடு ஒன்றில் வாடகைக்கு இருந்தார்கள். வாடகைச் சீட்டு அண்ணன் பேரில். அவளுக்கு இடுப்பெலும்பு முறிந்து அறுவை சிகிச்சை ஆனபோது, மாடிப்படி ஏற முடியாதென்று அண்ணன் மகள் முறையான ஒரு பெண் தன் வீட்டுக்குக் கூட்டிப்போனாள். தரைத்தள வீடு, கூடவே ஆள் துணை. அவள் அங்கே இருந்தபோது அண்ணன் தூக்கத்திலேயே போய்விட்டான். வாரியத்திலிருந்து கடிதம் வந்தது: குடியிருந்தவர் இறந்துவிட்டார், வீட்டை ஒப்படைக்கவும்.

"நான் அந்த வீட்டை விட்டுப் போயிட்டேன்னு யாருங்க சொன்னது? என் மெஷின் அங்கதானே இருக்கு. துணிங்க, பாத்திரம் எல்லாம் அங்கதான்" என்றாள்.

"சட்டத்துல என்ன இருக்குன்னு பாத்துட்டு சொல்றேன்க்கா. கொஞ்சம் உக்காருங்க."

வாடகைச் சட்டம், ஒன்பதாம் பிரிவு. குடியிருந்தவர் இறந்தால், 'அந்த வீட்டைத் தன் இருப்பிடமாகக் கொண்டிருந்த' குடும்ப உறுப்பினருக்கு வாடகை உரிமை போகும். 'இருப்பிடமாகக் கொண்டிருந்த' என்றால் என்ன? அங்கேயே தினமும் படுத்து எழுந்திருக்க வேண்டுமா? சட்டத்தில் விளக்கம் இல்லை. வேறு யாராக இருந்தாலும் தோன்றியதைச் சொல்லி அனுப்பியிருப்பார்கள். ஆனாக்கா அப்படியில்லை. சட்டம் மசோதாவாகச் சட்டசபைக்கு வந்தபோது அதோடு இணைத்த விளக்கக் குறிப்பை எடுத்துப் படித்தாள். ஒவ்வொரு பிரிவும் எதற்காக என்று அரசுத் துறை எழுதித் தருகிற குறிப்பு அது. ஒன்பதாம் பிரிவுக்கு நேராக இப்படி இருந்தது: இறக்கும் வேளையில் அந்த வீட்டில் உண்மையாகவே வசித்து வந்தவர்களுக்கு மட்டும் உரிமை செல்லும்படி இப்பிரிவு அமைக்கப்பட்டுள்ளது; சாவுக்குப் பிறகு வந்து உரிமை கோருபவர்களைத் தவிர்ப்பதே நோக்கம்.

அப்பாடா, சந்தேகத்துக்கு இடமில்லை என்று அவளுக்குத் தோன்றியது. விளக்கக் குறிப்பு வரைக்கும் போய்ப் படிக்கிற வக்கீல் இந்த ஊரில் எத்தனை பேர் என்றும் தோன்றியது.

"அக்கா, மனசைத் தேத்திக்கங்க. அண்ணன் போனப்ப நீங்க அங்க இல்ல. சட்டம் அங்க இருந்தவங்களுக்குத்தான். மேல்முறையீடு போட்டா அலைச்சல்தான் மிச்சம்."

தையல்காரம்மா கைத்தடியின் பிடியைத் தடவினாள். "நீங்களே சொல்றீங்கன்னா சரிதான்" என்றாள். அந்த வாரமே சாவியைக் கொடுத்துவிட்டாள்.

மாதங்கள் போயின. மையத்துக்குப் புதிதாக வந்த தன்னார்வலர்களுக்கு வாடகைச் சட்டம் பற்றி ஒரு பாடக் குறிப்பு எழுதும்படி மையத்தின் தலைவர் ஆனாக்காவிடம் சொன்னார். ஒன்பதாம் பிரிவை நல்ல உதாரணமாகப் போடலாமே என்று சட்டப் புத்தகத்தை ஒரு பக்கமும் விளக்கக் குறிப்பை மறுபக்கமும் விரித்து வைத்துத் தட்டச்சு செய்ய ஆரம்பித்தாள். மேற்கோளில் ஒரு எழுத்தும் பிசகக் கூடாதென்று இரண்டையும் மாறி மாறிப் பார்த்தபோதுதான் விரல் நின்றது.

விளக்கக் குறிப்பு அடுத்த வரியில் பிரிவின் வாசகத்தையே எடுத்துச் சொல்லியிருந்தது: 'இறக்கும் வேளையில் அவ்வீட்டில் குடியிருந்த'. சட்டத்தில் அந்தச் சொற்களே இல்லை. 'இருப்பிடமாகக் கொண்டிருந்த' என்றுதான் இருந்தது.

விளக்கக் குறிப்பு, மசோதா சபைக்குள் நுழைந்த அன்றைய வாசகத்துக்கு எழுதியது. நுழைந்த மசோதாவும் வெளியே வந்த சட்டமும் ஒன்றாக இருக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. நடுவில் யாரோ சொல்லை மாற்றியிருக்கிறார்கள். ஏன் மாற்றினார்கள் என்று அவள் பார்க்கவே இல்லை.

மறுநாள் காலையில் சபை நூலகத்தின் கதவு திறக்கும்போதே போய் நின்றாள். நூலகர் மூக்குக் கண்ணாடியைச் சட்டையில் துடைத்தபடி கேட்டார்: "தெரிவுக் குழு அறிக்கையா? கனமான புத்தகம். சாட்சியங்களும் சேத்தா, முடிவுரை மட்டுமா?"

"எல்லாம் வேணும் சார்."

தெரிவுக் குழு என்பது மசோதாவைப் பிரிவு பிரிவாகப் பிய்த்துப் பார்க்கச் சபை நியமிக்கிற உறுப்பினர் குழு. அவர்கள் துறை அதிகாரிகளையும் கூப்பிட்டு விசாரித்திருந்தார்கள், வாடகைக்காரர் சங்கத்தையும் கூப்பிட்டிருந்தார்கள். சங்கத்துப் பெண் ஒருத்தி குழு முன்னால் சொன்னது அப்படியே அச்சாகியிருந்தது: ஆஸ்பத்திரியில் கிடப்பவர், பிரசவத்துக்குத் தாய் வீட்டுக்குப் போனவர், வெளியூரில் வேலைக்குப் போய் மாதம் ஒருதரம் வருபவர் எல்லாரும் அந்த வேளையில் வீட்டில் இல்லை என்பதால் வீட்டை இழந்துவிடுவார்களா? துறை அதிகாரி பதில் சொல்லியிருந்தார், போலிகள் நுழைந்துவிடுவார்கள் என்று. இரண்டு பக்கத்தையும் கேட்டுவிட்டுக் குழு எழுதியிருந்தது: தற்காலிகமாக விலகியிருப்பவர், திரும்பி வரும் எண்ணமும் வீட்டோடு தொடர்பும் வைத்திருந்தால், உரிமை இழக்கக் கூடாது, ஆகவே 'இறக்கும் வேளையில் அவ்வீட்டில் குடியிருந்த' என்பதை நீக்கி 'இருப்பிடமாகக் கொண்டிருந்த' என்று மாற்றப் பரிந்துரைக்கிறோம், போலிகளைத் தடுக்க, அதை நிரூபிக்கும் பொறுப்பு உரிமை கோருபவர் மேலேயே இருக்கும். இது ரொம்பத் தளர்வாகிவிடும் என்று ஒரே ஒரு உறுப்பினர் மட்டும் மாற்றுக் கருத்து எழுதியிருந்தார். அவள் அதையும் விடாமல் படித்தாள். பிறகு, குழு சொன்ன வாசகத்தைச் சபை அப்படியே ஏற்றதா, மறுபடி ஏதாவது திருத்தியதா என்று சபை நடவடிக்கைக் குறிப்பிலும் தேடினாள். அப்படியே ஏற்றிருந்தது.

சமாதானமாக ஏதாவது கிடைக்குமா என்றுதான் இவ்வளவும் தேடினாள். ஒன்றும் கிடைக்கவில்லை. எந்தப் பெண்ணுக்காக அந்தச் சொல்லை மாற்றினார்களோ அதே மாதிரிப் பெண்ணை, மாற்றுவதற்கு முந்தைய சொல்லைக் காட்டி அவள் திருப்பி அனுப்பியிருக்கிறாள். மெஷின் அங்கேதான் இருக்கிறது என்று தையல்காரம்மா சொன்னாளே, குழு கேட்ட தொடர்பு அதுதானே.

வீட்டில் சோற்றைப் பிசைந்துகொண்டே உட்கார்ந்திருந்தவளைப் பார்த்துப் புருஷன், "என்ன, உப்பு கம்மியா?" என்றான். அவள் விஷயத்தைச் சொன்னாள். அவன் கிண்டல் பண்ணவில்லை. அது அவளுக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

தலைவரிடம் சொன்னபோது அவர் நாற்காலியில் சாய்ந்துகொண்டார். "மேல்முறையீட்டுக் கெடு முடிஞ்சு எவ்வளவு நாளாச்சு. இப்ப கிளறணுமா? தப்புன்னு சொன்னா அந்தம்மா நம்ம மேலயே புகார் குடுக்கலாம்."

"குடுக்கட்டும் சார். ஆனா தாமதத்தை மன்னிக்கச் சொல்லி மனுப் போடலாம். காரணம் வக்கீலோட தப்பான ஆலோசனைன்னு நானே பிரமாணப் பத்திரம் எழுதித் தரேன்."

"உன் பேர்ல எழுத்துல இருக்கும்மா, காலத்துக்கும்."

"தெரியும் சார்."

அண்ணன் மகள் முறைப் பெண்ணின் வீட்டில் தையல்காரம்மா ஜன்னலோரம் ஒரு பாவாடைக்கு நாடா கோத்துக்கொண்டிருந்தாள். ஆனாக்கா எதிரே பாயில் உட்கார்ந்து, சுற்றி வளைக்காமல் எல்லாவற்றையும் சொன்னாள். எந்தக் காகிதத்தைப் படித்தாள், எதைப் படிக்காமல் விட்டாள் என்பது வரைக்கும்.

நாடா பாதியில் நின்றது.

"அப்ப நீங்க சொன்னதாலதான் நான் சாவியைக் குடுத்தேன்" என்றாள் தையல்காரம்மா.

"ஆமாக்கா."

"இல்லேன்னா குடுத்திருக்க மாட்டேன்."

"மாட்டீங்க."

"இங்க இவ நல்லாத்தான் பாத்துக்கறா. ஆனா கக்கூஸ் போறதுக்குக்கூட யார் உள்ள இருக்காங்கன்னு பாத்துட்டுப் போறேன். அங்க அப்படி இல்ல."

ஆனாக்காவால் தலை நிமிர முடியவில்லை. "மன்னிச்சிருங்க" என்று சொல்ல வாயெடுத்தாள். அந்தச் சொல்லுக்குத் தையல்காரம்மா ஏதாவது பதில் சொல்லியாக வேண்டுமே, அந்தச் சுமையையும் அவள் தலையில் ஏற்றுவதா என்று விழுங்கிவிட்டாள். "உங்க வழக்கை இனி நான் நடத்தக் கூடாதுக்கா, என் தப்பு அதுல இருக்கே. வேற வக்கீல் வருவாங்க. நான் சாட்சி மட்டும்தான்" என்றாள்.

"வரச் சொல்லுங்க. நல்லாப் படிக்கிற ஆளா வரச் சொல்லுங்க."

தீர்ப்பாயத்தில் அவள் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். அவளுடைய பிரமாணப் பத்திரத்தை எழுத்தர் ஏற்ற இறக்கமில்லாமல் உரக்க வாசித்தபோது, பழக்கப்பட்ட வக்கீல்கள் இரண்டு பேர் திரும்பிப் பார்த்துவிட்டுச் சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். தாமதம் மன்னிக்கப்பட்டது. பிறகு வாரியத்தின் வக்கீல் எழுந்து விளக்கக் குறிப்பை வாசித்தார். அவள் அன்றைக்குத் தையல்காரம்மாவிடம் சொன்ன அதே வரி, அதே நிச்சயத்தோடு. அவளுக்கு முகம் எரிந்தது.

புது வக்கீல் பதில் சொன்னாள்: "அந்தக் குறிப்பு விளக்கற வாசகமே சட்டத்துல இல்லைங்க. குழு அதை எடுத்துட்டு வேற வாசகம் போட்டுது, ஏன்னு காரணமும் எழுதியிருக்கு."

தீர்ப்பாயத் தலைவர் அறிக்கையை வாங்கிப் புரட்டினார். "குழு சொன்னது சட்டமாயிடாது. முதல்ல சட்டத்தோட சொல்லைத்தான் பாப்போம். ஆனா ரெண்டு விதமா அர்த்தம் பண்ணலாம்கிறப்ப, சொல்லை எதுக்காக மாத்துனாங்கன்னு பாக்கறதுல தப்பில்ல" என்றார். மெஷினைப் பற்றி, அண்ணன் ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து பார்த்தது பற்றி, மாடிப்படிக்குக் கைப்பிடி வைக்கத் தச்சனிடம் சொல்லியிருந்தது பற்றியெல்லாம் தையல்காரம்மாவிடம் கேட்டார்.

உத்தரவு தையல்காரம்மாவுக்குச் சாதகமாக வந்தது. ஆனால் அந்த வீட்டில் கைக்குழந்தையோடு ஒரு குடும்பம் குடியேறியிருந்தது. அவர்களைக் கிளப்ப முடியாது, வாரியம் வேறொரு வீடு தர வேண்டும் என்று தீர்ப்பாயம் சொன்னது. கிடைத்தது தரைத்தளம், இடுப்புக்கு நல்லதுதான். தெரு மட்டும் வேறு. முப்பது வருஷம் துணி கொடுத்து வாங்கிய வாடிக்கைக்காரர்கள் எல்லாம் பழைய தெருவில் இருந்தார்கள். தையல்காரம்மா சாவியை வாங்கிக்கொண்டு புது வக்கீலின் கையைப் பிடித்து நன்றி சொன்னாள். ஆனாக்காவைப் பார்த்துத் தலையை லேசாக அசைத்தாள், அவ்வளவுதான். அதற்கு மேல் எதிர்பார்க்கத் தனக்கு உரிமை இருப்பதாக ஆனாக்காவுக்குத் தோன்றவில்லை.

திங்கட்கிழமை அலுவலகத்துக்கு வந்ததும் பாடக் குறிப்பை முடித்துக் கொடுத்தாள். ஒன்பதாம் பிரிவு அதில் இருந்தது, தான் அதில் செய்த பிழையும் இருந்தது. பிறகு அலமாரியைத் திறந்து, அந்தச் சட்டம் வந்த நாளிலிருந்து தான் 'வழக்கில்லை' என்று சொல்லி அனுப்பியவர்களின் கோப்புகளைத் தனியாக எடுத்து அடுக்கினாள். அவற்றில் மூன்றில் இதே பிரிவு. முதல் கோப்பில் இருந்த எண்ணுக்குப் போன் போட்டாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது.