நாற்பத்தொன்றாம் கூண்டின் எட்டு நாள்

அவரை ஆராய்ச்சிக்கூடத்தில் எல்லோரும் ‘எலியண்ணன்’ என்றுதான் கூப்பிடுவார்கள். விலங்குக்கூடத்தில் இருபத்திரண்டு வருஷமாகக் கூண்டு கழுவி, தீனி வைத்து, மரத்தூள் மாற்றி வருகிறவர். இத்தனை வருஷத்தில் ஒரு நாள்கூடத் தலைக்கு வாசனை எண்ணெய் வைத்ததில்லை, எலிகள் மிரளும் என்று. எலி கடித்தால் மனிதர் கத்த மாட்டார். “நீயும் என்னதான் பண்ணுவே” என்பார். அவர் மனைவிக்கு மட்டும் இந்த உத்தியோகம் கடைசிவரை பிடிபடவில்லை. “ஊரெல்லாம் எலியைக் கொல்ல வழி தேடுது, இவரு அதுக்குப் பிறந்த நாள் கொண்டாடறாரு” என்று அக்கம்பக்கத்தில் சொல்லிச் சிரிப்பாள்.

அவள் சொல்வது பொய்யும் அல்ல. இப்போது நடக்கிற ஆராய்ச்சியே எலியின் வயதைப் பற்றியதுதான். இருநூறு எலிகள். அவற்றில் பாதிக்கு, உடைந்த மரபிழையை, அதாவது டி.என்.ஏ.வை, ஒட்டவைக்கும் திமிங்கலப் புரதம் உடம்பிலேயே உண்டாகும்படி செய்திருந்தார்கள். எது அந்தப் பாதி என்று அவருக்கும் தெரியாது, நடத்துகிற பேராசிரியைக்கும் தெரியாது. கடைசி எலி செத்த பிறகுதான் அந்தப் பட்டியலை வைத்து ஒட்டிய உறையைப் பிரிப்பார்கள். தினமும் காலையில் போய் எது செத்திருக்கிறது, எதனால் என்று எழுதி வைப்பது எலியண்ணனின் வேலை. பெரும்பாலும் ‘முதுமை’ என்று எழுதுவார்.

ஆரம்பத்தில் ஒரு நாள் அவர் கேட்டார், “ஏன் மேடம், எலி ரெண்டு வருஷத்துல கிழடாயிடுது, ஆமை நூறு வருஷம் இருக்கு? எலிக்கு நெஞ்சு ரொம்ப வேகமா அடிக்கிறதாலயா?”

“அப்படின்னா வௌவால் என்ன பாவம் பண்ணிச்சு அண்ணா? அதுவும் சின்ன உடம்புதான், அதுக்கும் நெஞ்சு படபடன்னுதான் அடிக்குது. ஆனா இருபது, முப்பது வருஷம் இருக்கிற வௌவால் உண்டு. பறந்து தப்பிச்சுக்குது, அதான். வெளியில எலியை யாரு விட்டு வைக்கிறாங்க? பூனை, பாம்பு, ஆந்தை. ஒரு வருஷம் தாண்டினாலே பெரிசு. சீக்கிரமா, நிறைய குட்டி போட்ட எலியோட வம்சம்தான் தங்கிச்சு. வயசான காலத்துக்குன்னு உடம்பைப் பழுது பார்த்து வெச்ச எலி, அந்த வயசு வர்றதுக்குள்ள யாரோ வாயில போயிடும். ஆமைக்கு ஓடு இருக்கு. அவ்வளவு பெரிய திமிங்கலத்தை யாரு சுலபமா கொல்ல முடியும்? நிறைய வருஷம் உயிரோட இருந்தா நிறைய வருஷம் குட்டி போடலாம். அதனால அதுங்களுக்குப் பழுது பார்க்கிற வேலை நல்லா நடக்குது.”

அவருக்கு அது நெஞ்சில் ஒட்டிக்கொண்டது. இந்த அறையில் பூனையும் இல்லை, பாம்பும் இல்லை. இருந்தும் வயசு வந்தால் எலிக்கு வயிற்றில் கட்டி வருகிறது, முதுகு கூனுகிறது. யாரும் துரத்தாவிட்டாலும் பழைய கணக்கை உடம்பு மறக்கவில்லை, பாவம் என்று நினைத்துக்கொள்வார்.

நாற்பத்தொன்றாம் கூண்டு எலிக்கு அப்போது மூன்று வருஷமும் ஒரு மாதமும். கூட்டத்திலேயே மூத்தது. மயிர் உதிர்ந்த கிழம், கம்பியைப் பிடித்து ஏறவும் ஆகாது என்று அவர் நினைத்திருந்தார். ஒரு நாள் மாலையில் அதன் கூண்டு மூடியைச் சரியாக அழுத்தவில்லை. ‘க்ளிக்’ என்ற சத்தம் வந்ததா வரவில்லையா என்று அவர் கவனிக்கவே இல்லை.

காலையில் கூண்டு காலி. அலமாரிக்குப் பின்னால், தீனி மூட்டைக்கு அடியில், எல்லா இடமும் தேடினார். கழுவும் அறையில் சாக்கடை ஓரமாக வைத்திருந்த பொறியில் அது உட்கார்ந்திருந்தது, நடுங்கியபடி. போன உயிர் திரும்பி வந்த சந்தோஷத்தில் மனிதர் யோசிக்கவே இல்லை. கொண்டுபோய்க் கூண்டில் விட்டார், மூடினார், அதே கையுறையோடு பக்கத்து நான்கு கூண்டுக்குத் தீனியும் வைத்தார். அதன் பிறகுதான் இரண்டாவது பொறியைப் பார்க்கப் போனார். அதில் ஒரு பழுப்பு நிறச் சுண்டெலி இருந்தது. வெளி எலி.

வெளி எலி நோய் கொண்டுவரும் என்பது இந்த வேலையில் முதல் நாளே சொல்லித்தருகிற பாடம். வெளியே போன எலியை மறுபடி அறைக்குள் விடக்கூடாது என்பது இரண்டாவது பாடம். இருபத்திரண்டு வருஷம் அடுத்தவருக்குச் சொல்லிக்கொடுத்த மனிதர், ஐந்தே நிமிஷத்தில் இரண்டையும் மறந்தார். சுண்டெலியை யாருக்கும் தெரியாமல் அப்புறப்படுத்திவிட்டு வாயை மூடிக்கொண்டார்.

அன்றிலிருந்து பயம்தான் அவரோடு சாப்பிட்டது, தூங்கியது. யாராவது “அண்ணா” என்று கூப்பிட்டால் தூக்கிவாரிப் போடும். ஐந்தாம் நாள் நாற்பதாம் கூண்டில் ஒன்று செத்துக் கிடந்தது. ஏழாம் நாள் நாற்பத்திரண்டில் இன்னொன்று. இரண்டும் அவர் அன்றைக்குக் கை வைத்த கூண்டுகள். இந்த வயதில் எலி சாவது சகஜம்தான். ஆனால் அவை வயதாகிச் செத்தனவா, தன்னால் செத்தனவா? எப்படித் தெரியும்? பேனாவை வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றார். பிறகு ‘முதுமை’ என்று எழுதினார். எழுத்து கோணிப்போயிற்று.

எட்டாம் நாள் பேராசிரியை ஏட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார், “ஒரே வாரத்துல பக்கத்துப் பக்கத்துல ரெண்டு. என்னவோ, திமிங்கலம் நம்மளைக் கைவிட்டுடுச்சு போலிருக்கு அண்ணா.”

அவரால் தாங்க முடியவில்லை. நோயில் செத்ததை முதுமை என்று எழுதி, அதை நம்பி இந்த அம்மா உலகத்துக்கே பொய் சொல்லப் போகிறார். “மேடம்” என்று ஆரம்பித்தவர் ஒரே மூச்சில் எல்லாவற்றையும் கொட்டினார்.

பேராசிரியை கத்தவில்லை. அதுதான் இன்னும் பயமாக இருந்தது.

“எட்டு நாள் சும்மா இருந்திருக்கீங்க. எலிக்கு எட்டு நாள்னா நமக்கு எட்டு மாசம் அண்ணா. அன்னிக்கே சொல்லியிருந்தா அதைத் தனி அறையில வெச்சிருப்பேன். அதுபாட்டுக்கு இருந்துட்டுப் போயிருக்கும். இப்ப மொத்த அறையும் மாட்டிக்கிட்டு நிக்குது. எனக்கு உடனே பதில் வேணும். நாற்பத்தொண்ணை அறுத்துதான் பார்க்கணும்.”

“நானே பண்றேன் மேடம்” என்றார். வேறு யாரும் அதைத் தூக்கத் தெரியாமல் தூக்கி, அது கடைசியில் மிரண்டு சாவதை அவரால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. மயங்கிச் சாக வைக்கும் வாயுப் பெட்டியில் வைக்கும்வரை அது அவர் உள்ளங்கையில் சாதுவாக இருந்தது.

அறையைப் பூட்டி வைத்தார்கள். பரிசோதனை முடிவு வர மூன்று நாள். அந்த மூன்று நாளும் அவர் சோற்றைப் பிசைந்துவிட்டு அப்படியே எழுந்தார். என்ன ஏது என்று துளைத்தெடுத்த மனைவியிடம் ஒரு வழியாக எல்லாவற்றையும் சொன்னார். அவள் முதல்தடவையாக எலியைப் பற்றிக் கேலி பேசவில்லை.

நான்காம் நாள் காலை பேராசிரியையே அவரைத் தேடி வந்தார். எந்த எலிக்கும் நோய் இல்லை. முன்னதாகச் செத்துக் குளிர்பெட்டியில் வைத்திருந்த அந்த இரண்டையும் அறுத்துப் பார்த்ததில், இரண்டிலும் வயதானால் வருகிற கட்டிகள். ஏட்டில் எழுதியது சரிதான். அறை தப்பித்தது. வேலைக்கும் ஆபத்தில்லை, இனிமேல் கூண்டு பூட்டும்போது கூட ஓர் ஆள் நிற்பார், அவ்வளவுதான்.

“நாற்பத்தொண்ணு மேடம்?”

பேராசிரியை சொன்னார், “உள்ள ஒரு கட்டிகூட இல்ல அண்ணா. நெஞ்சு, ஈரல் எல்லாம் நல்லா இருந்தது. இவ்வளவு வயசுல நான் இப்படிப் பார்த்ததே இல்ல. இன்னும் எத்தனை நாள் இருந்திருக்கும்னு இனிமே யாருக்கும் தெரியாது.”

சாயங்காலம் வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலிலேயே உட்கார்ந்தார். மனைவி தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள்.

“நோய் இல்லையாம்” என்றார்.

“அப்பாடா. பயம் விட்டுச்சா?”

“நோயே இல்லாததை நான் எதுக்குடி கொன்னேன்?”

எதையும் பூசி மெழுகத் தெரியாதவள் அவள். பக்கத்தில் உட்கார்ந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டுதான் சொன்னாள்.

“நீங்க எட்டு நாள் பயந்தீங்களே, அதுக்கு.”