மகனும் கையெழுத்துப் போட வேண்டும்

வங்கிகளுக்காக வீட்டுப் பத்திரங்களைச் சரிபார்க்கும் வக்கீல் நான். மாதுங்காவில் தன் ஃபிளாட்டை விற்க இருந்த மாமி ஒருவர் செம்பூரில் என் ஆபீசுக்கு வந்தார். வாங்குபவருக்குக் கடன் தரும் வங்கி பத்திரக்கட்டை எனக்கு அனுப்பியிருந்தது. பதிவு ஆபீசில் முப்பது வருட ஆவணங்களைத் தேடிப் பார்த்ததில் வில்லங்கம் எதுவும் இல்லை. பத்திரங்களில் வீட்டு எண்ணும் பரப்பும் ஒத்துப்போயின. ஆனால் கடைசிப் பத்திரம் இறந்துபோன கணவர் பேரில் இருந்தது.

"ஹவுசிங் சொசைட்டியில ஃபிளாட்டை என் பேருக்கு மாத்திட்டாளே!" என்றார்.

"அது வெறும் நாமினேஷன், மாமி. அதனால வீடு முழுக்க உங்களுக்குச் சொந்தமாயிடாது. உங்க பையனும் வாரிசுதான். அவர் பங்கை விட்டுக்கொடுத்துப் பத்திரம் பதிவு பண்ணியாகணும்." எத்தனை பேருக்குத்தான் இதைச் சொல்வது என்ற எரிச்சலில் குரல் உயர்ந்துவிட்டது.

மாமி கோபப்படவில்லை.

"நான் கூப்பிட்டா அவன் போனே எடுக்கறதில்லே. பாங்க் கேக்கறதுன்னா வருவான், இல்லையா?"