அறுபது பேர் பாஸ் அவுட்

தொண்ணூறுகளின் கடைசியில் மலேசியாவின் கிள்ளானில் ஒரு கப்பல் சரக்கு அலுவலகத்தில் குமாஸ்தாவாக இருந்தேன். மின்னஞ்சல் எங்களுக்குப் புதிது. ஒரு நாள் லண்டன் அலுவலகப் பெண்மணி ஒருவர் எங்கள் மேனேஜரைத் தேடி எழுதினார். "அவர் அவுட் ஆஃப் ஸ்டேஷன். கசின் பிரதரின் பாஸிங் அவுட்டுக்குப் போயிருக்கிறார்" என்று ஆங்கிலத்தில் பதில் போட்டேன். மேனேஜரின் சித்தப்பா மகன் போலீஸ் பயிற்சியை முடித்து வெளியேறும் அணிவகுப்பு அது.

மறுநாள் பதில் வந்தது: "எந்த ரயில் நிலையம்? மயங்கி விழுந்தது கசினா, பிரதரா?"

ஊர் திரும்பிய மேனேஜர், அந்தப் பெண்மணி 'பாஸ் அவுட்'டை மயக்கமாக எடுத்துக்கொண்டதைப் படித்துவிட்டு வயிறு குலுங்கச் சிரித்தார். "நான் சொல்றத அப்படியே எழுதும்மா. அவன் தனியா பாஸ் அவுட் ஆகல, அறுபது பேர் ஒண்ணா ஆனாங்க. குடும்பமே கை தட்டுச்சு."

"வேணாம் அண்ணே, பயந்துருவாங்க."

"சும்மா அனுப்பு லா!"

அனுப்பினேன். சாயங்காலமே லண்டனிலிருந்து தொலைபேசி வந்தது. "அங்கே என்ன, விஷவாயு கசிந்துவிட்டதா?" என்று அந்தப் பெண்மணி பதறினார். மேனேஜரின் முகத்தைப் பார்க்க வேண்டுமே! அரை மணி நேரம் மன்னிப்புக் கேட்டுக் கேட்டு விளக்கினார். நான் பேனாவைத் தேடுவதுபோல் மேசைக்கடியில் குனிந்து சிரித்துக்கொண்டிருந்தேன்.